குறைந்த விலைக்கு ஓர் ஆர்டர்: எடுப்பதா, விடுவதா?

திருப்பூரில் ஒரு சிறிய பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். உள்நாட்டு மொத்த வியாபாரிகளுக்கு ரவுண்டு நெக் டி-சர்ட் தைத்துக் கொடுக்கிறார்கள். நூல் வாங்கி நிட்டிங், டையிங், காம்பாக்டிங் மூன்றையும் வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்துத் துணியாக வாங்குகிறார்கள். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் சொந்தக் கட்டடத்துக்குள் நடக்கிறது. மாதம் 20,000 பீஸ் வரை போட முடியும். இப்போது மந்தமான மாதம் என்பதால் 14,000 பீஸ்தான் ஓடுகிறது. வழக்கமான விலை பீஸுக்கு 195 ரூபாய்.

இந்த நேரத்தில் பெங்களூரிலிருந்து ஒருவர் போன் செய்கிறார். மாரத்தான் ஓட்டத்துக்கு 5,000 டி-சர்ட் வேண்டும், முன்னும் பின்னும் பிரிண்ட் இருக்க வேண்டும், விலை 160 ரூபாய்க்கு மேல் தர முடியாது என்கிறார். முதலாளி கணக்குப் புத்தகத்தைப் புரட்டுகிறார். அதில் ஒரு பீஸின் அடக்க விலை 174 ரூபாய் என்று இருக்கிறது. ஒரு பீஸுக்கு 14 ரூபாய் நட்டம், 5,000 பீஸுக்கு 70,000 ரூபாய் நட்டம் என்று மனக்கணக்குப் போட்டு, "கட்டுப்படி ஆகாது சார்" என்று வைத்துவிடுகிறார்.

அவர் சொன்ன பதில் சரியா என்று பார்ப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. கம்பெனியும் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. உங்கள் நூல் விலையையும் கூலியையும் போட்டு இதே வரிசையில் நடந்து பாருங்கள்.

174 ரூபாய் எங்கிருந்து வந்தது?

அடக்க விலையைப் பிரித்தால் உள்ளே இரண்டு வேறு வகைச் செலவுகள் ஒட்டிக்கிடப்பது தெரியும். முதலில், பீஸ் தைத்தால் மட்டும் வருகிற செலவு.

துணியில் தொடங்குவோம். நூல் கிலோ 270 ரூபாய், நிட்டிங் 15, டையிங்கும் காம்பாக்டிங்கும் சேர்ந்து 105. ஆக 390 ரூபாய். டையிங்கில் எடை குறையும். 7 சதவீதம் குறைவதாக வைத்தால், கைக்கு வரும் துணி கிலோவுக்கு ஏறத்தாழ 420 ரூபாய் ஆகிறது. 180 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்சியில் எல்லா சைஸும் கலந்து, கட்டிங் வேஸ்ட்டையும் சேர்த்து, ஒரு பீஸுக்கு 210 கிராம் என்றால் துணிச் செலவு 88 ரூபாய்.

அதற்கு மேல் வருபவை இவை:

| செலவு (ஒரு பீஸுக்கு) | ரூபாய் |
|---|---|
| துணி | 88 |
| கட்டிங் முதல் பேக்கிங் வரை பீஸ் ரேட் கூலி | 26 |
| ரிப், தையல் நூல், லேபிள் | 6 |
| பாலிபேக், அட்டைப்பெட்டி | 5 |
| பிரிண்டிங் | 8 |
| மின்சார யூனிட் | 2 |
| புரோக்கர் கமிஷன், லாரி வாடகை | 7 |
| மொத்தம் | 142 |

இதை மாறும் செலவு என்கிறோம். பீஸ் கூடினால் கூடும், குறைந்தால் குறையும்.

இரண்டாவது வகை, ஒரு பீஸ்கூடத் தைக்காவிட்டாலும் மாதம் பிறந்தால் வந்து நிற்கும் செலவு. கட்டட வாடகை 90,000. மேனேஜர், கட்டிங் மாஸ்டர், சூப்பர்வைசர், கணக்கர், வாட்ச்மேன் ஆகியோரின் மாதச் சம்பளம் 2,10,000. மின் இணைப்புக்கான நிலைக் கட்டணம் 12,000. மிஷின் கடன் வட்டியும் தேய்மானமும் 95,000. ரிப்பேர், இன்சூரன்ஸ் முதலான மற்றவை 41,000. மொத்தம் 4,48,000 ரூபாய். இது நிலைச் செலவு. இதை 14,000 பீஸால் வகுத்தால் பீஸுக்கு 32 ரூபாய் வருகிறது. 142-உம் 32-உம் சேர்ந்ததுதான் முதலாளி பார்த்த 174.

அந்த 32 ரூபாய் டி-சர்ட்டுக்குள் இருக்கும் பொருளல்ல, ஒரு வகுத்தலின் விடை. பீஸ் எண்ணிக்கை 10,000 ஆக இறங்கினால் அதே வாடகையும் சம்பளமும் பீஸுக்கு 44 ரூபாய் 80 பைசா ஆகிவிடும், அடக்க விலை 187-ஐத் தொடும். அதாவது ஆர்டர் குறையக் குறைய அடக்க விலை ஏறும். அதை நம்பி விலை சொல்பவர், ஆர்டர் இல்லாத மாதத்தில் விலையைக் கூட்டிச் சொல்வார், இருக்கிற ஆர்டரும் கைநழுவும். சிறு ஆலைகளில் அடிக்கடி நடக்கும் விபத்து இது.

ஆடிட்டர் தரும் 174 பொய்யான எண் என்று நினைக்க வேண்டாம். ஆண்டு இறுதிக் கையிருப்புச் சரக்கை மதிப்பிடும்போது, உற்பத்தியைச் சேர்ந்த நிலைச் செலவிலும் ஒரு பங்கைச் சேர்க்க வேண்டும் என்று இந்தியக் கணக்கியல் தரம் 2 சொல்கிறது. பேலன்ஸ் ஷீட்டுக்கு அது சரியான முறை. பெங்களூர்க்காரருக்கு என்ன பதில் சொல்வது என்பது வேறு கேள்வி. அதற்கு இறுதிநிலைச் செலவுக் கணக்கு, அதாவது மார்ஜினல் காஸ்டிங், வேண்டும்.

ஒரே ஒரு கேள்வி

விற்பனை விலையிலிருந்து மாறும் செலவைக் கழித்தால் மிஞ்சுவது பங்களிப்பு. வழக்கமான பீஸில் 195-லிருந்து 142 போக 53 ரூபாய். 14,000 பீஸுக்கு 7,42,000. நிலைச் செலவு 4,48,000 போக மாத லாபம் 2,94,000. பெங்களூர் ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் அந்த 4,48,000 மாறப்போவதில்லை. கட்டட உரிமையாளர் கூடுதல் வாடகை கேட்கமாட்டார், மேனேஜர் சம்பளமும் ஏறாது. ஆகவே இந்த முடிவில் அந்தத் தொகைக்கு இடமே இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் 160-லிருந்து 142 போக பீஸுக்கு 18 ரூபாய், 5,000 பீஸுக்கு 90,000 ரூபாய் கூடுதல் பங்களிப்பு. 70,000 நட்டம் என்று நினைத்தது 90,000 லாபமாகத் திரும்புகிறது.

பாடப்புத்தகம் பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். ஆலையில் வேலை இங்கேதான் ஆரம்பம். எது மாறும், எது மாறாது என்பதைச் செலவின் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு வரியிலும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்த ஆர்டரை மறுத்தால் இந்தப் பணம் என் கையில் நிற்குமா? நிற்கும் என்றால் அது இந்த ஆர்டரின் செலவு. நிற்காது என்றால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கூலியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் பீஸ் ரேட் என்பதால் இந்தக் கம்பெனியில் 26 ரூபாய் முழுவதும் மாறும் செலவு. பக்கத்துத் தெருக் கம்பெனியில் ஷிப்ட் சம்பளமாக இருக்கலாம். வேலை இல்லாத நாளில் ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்றால் அங்கேயும் அது மாறும் செலவுதான். ஆளை விட்டால் சீசனுக்குத் திரும்ப வரமாட்டார்கள் என்று பயந்து, வேலை இல்லாவிட்டாலும் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள் என்றால், அந்தக் கூலி ஆர்டரை மறுத்தாலும் போகிற பணம். அப்படிப்பட்ட கம்பெனிக்கு இதே ஆர்டர் இன்னும் 26 ரூபாய் மலிவாகக்கூடக் கட்டுப்படி ஆகும். இரண்டு கம்பெனிக்காரர்கள் ஒரே ஆர்டருக்கு வேறு வேறு விலை சொல்வதில் வியப்பில்லை. இருவரின் கணக்கும் சரியாக இருக்கலாம்.

நூலுக்கும் இதே கேள்விதான். போன மாதம் 250 ரூபாய்க்கு வாங்கிய நூல் குடோனில் இருக்கிறது, இன்றைய விலை 270 என்று வைத்துக்கொள்வோம். எந்த விலையைப் போடுவது? அந்த நூலை இந்த ஆர்டருக்கு எடுத்தால், வழக்கமான ஆர்டருக்கு 270 கொடுத்து மீண்டும் வாங்க வேண்டும். ஆகவே 270-தான் கணக்கு. மாறாக, ரத்தான ஓர் ஆர்டரின் கருநீலத் துணி மாதக்கணக்கில் கிடக்கிறது, ஸ்டாக் லாட்காரரிடம் கொடுத்தால் கிலோவுக்கு 220-தான் தேறும் என்றால், அந்தத் துணிக்கு 420 போடக் கூடாது, 220 போதும். மாரத்தான் டி-சர்ட்டைக் கருநீலத்தில் போடலாமா என்று வாங்குபவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவர் சம்மதித்தால் அந்தத் துணியில் கிலோவுக்கு 200 ரூபாய் உங்கள் பக்கம் வருகிறது.

ஜி.எஸ்.டி.யை இரண்டு பக்கமும் சேர்க்காதீர்கள். விற்பனை விலையை வரி நீக்கியும், உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்க முடிகிற வாங்கல்களை வரி நீக்கியும் வைத்தால் போதும்.

இந்த ஆர்டருக்கே உரிய செலவுகள்

90,000 என்பது வழக்கமான பீஸின் 142-ஐ அப்படியே வைத்துப் போட்ட கணக்கு. சிறப்பு ஆர்டர் வழக்கமான பீஸ் அல்ல. ஆர்டரை வரிவரியாகப் படிக்க வேண்டும்.

வாங்குபவர் நேரே வந்ததால் புரோக்கர் கமிஷன் இல்லை. சரக்கை அவரே வந்து எடுத்துக்கொள்வதால் லாரி வாடகையும் இல்லை. ஆக 7 ரூபாய் மிச்சம். ஆனால் பிரிண்ட் முன்னும் பின்னும் என்பதால் 8 ரூபாய் 14 ஆகிறது. மாறும் செலவு 141 ரூபாய்.

அடுத்து, ரிஜெக்ட். மொத்த வியாபாரி சின்னக் குறையுள்ள பீஸைப் பொறுத்துக்கொள்வார். நிகழ்ச்சி நடத்துபவர் அப்படியல்ல, எண்ணிக்கை குறையாமல் 5,000 நல்ல பீஸ் வேண்டும் என்பார். பிரிண்ட் சரிந்தது, டையிங் புள்ளி, தையல் விட்டது என்று 3 சதவீதம் கழியும் என்று வைத்து 5,150 பீஸ் கட்டிங் போட வேண்டும். செலவு 7,26,150 ரூபாய். கழிந்த 150 பீஸையும் நல்ல விலைக்கு விற்க முடியாது, மாரத்தான் பெயர் அச்சடித்த பனியனை வேறு யார் வாங்குவார்கள்? செகண்ட்ஸ் விலையாகப் பீஸுக்கு 60 ரூபாய் வீதம் 9,000 வரும்.

ஸ்கிரீன் தயாரிப்பு, சாம்பிள், சைஸ் செட் ஆகியவற்றுக்கு ஒருமுறைச் செலவு 12,000. பணம் இரண்டு மாதம் கழித்துத்தான் வரும் என்றால், கையிலிருந்து போட்ட 7,26,150-க்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் ஏறத்தாழ 14,500.

இப்போது கூட்டிக் கழிப்போம். வரவு 8,00,000-உம் 9,000-உம். செலவு 7,26,150, 12,000, 14,500. மிஞ்சுவது 56,350 ரூபாய். முதல் கணக்கில் வந்த 90,000-இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துவிட்டது. ஆனாலும் முதலாளி பயந்த 70,000 நட்டம் இல்லை, லாபம்தான்.

இதிலிருந்து இன்னொரு எண்ணையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செகண்ட்ஸ் வரவைக் கழித்த மொத்தச் செலவு 7,43,650. அதை 5,000-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 149 ரூபாய். பேரத்தில் இறங்கக்கூடிய அடிமட்டம் இதுதான். 149-க்கு எடுத்தால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை, தலைவலி மட்டும் மிஞ்சும். இந்த எண் உங்கள் மேசை டிராயருக்குள் இருக்க வேண்டும், வாங்குபவரின் காதுக்குப் போகக் கூடாது. அவரிடம் 168-இல் பேச்சைத் தொடங்குங்கள்.

மிஷின் காலியாக இருக்கிறதா?

மேலே போட்ட கணக்கு முழுவதும் ஒரே ஓர் அடித்தளத்தின் மேல் நிற்கிறது. 20,000 பீஸ் திறனில் 6,000 காலி, தேவை 5,150. மந்த மாதத்தில் இது பொருந்தும். தீபாவளிக்கு முந்தைய சரக்கு ஓடும் மாதத்தில் வழக்கமான ஆர்டரே 17,500 இருந்தால்? காலி இடம் 2,500-தான். 2,650 பீஸுக்கு வழி தேட வேண்டும். மூன்று வழிகள் உண்டு.

வழக்கமான பீஸில் 2,650-ஐ நிறுத்தலாம். அப்படி நிறுத்தினால் பீஸுக்கு 53 ரூபாய் வீதம் 1,40,450 ரூபாய் பங்களிப்பு போகிறது. சிறப்பு ஆர்டர் தருவதோ 56,350. நிகரமாக 84,100 ரூபாய் இழப்பு. இழக்கும் பங்களிப்பையும் சேர்த்தால், அந்த மாதத்தில் இதே ஆர்டருக்கு அடிமட்ட விலை 149 அல்ல, 177. 174 என்ற அடக்க விலையைக் காட்டிலும் அதிகம் என்பதைக் கவனியுங்கள். இடம் நிறைந்த ஆலையில் அடக்க விலைக்கு மேல் வந்த ஆர்டர்கூட நட்டம் தரலாம்.

ஓவர்டைம் போடலாம். சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி. 2,650 பீஸுக்கு இன்னொரு 26 ரூபாய் என்றால் 68,900 கூடுதல். 56,350-ஐ விழுங்கிவிட்டு மேலும் 12,550 கேட்கும். இரவு ஷிப்டுக்குத் தனி சூப்பர்வைசரும் டீச் செலவும் வந்தால் இன்னும் மோசம்.

கட்டிங் முதல் பேக்கிங் வரை அந்த 2,650 பீஸையும் வெளி யூனிட்டுக்குக் கொடுக்கலாம். அங்கே பீஸுக்கு 34 ரூபாய் கேட்கிறார்கள், உங்கள் கூலியை விட 8 ரூபாய் அதிகம். கூடுதல் 21,200 போக 35,150 மிஞ்சும். மூன்றில் கணக்குக்கு நிற்கும் வழி இது ஒன்றே. ஆனால் வெளியே போன சரக்கில் 3 சதவீத ரிஜெக்ட் 6 ஆகலாம், தேதி தவறலாம். மாரத்தான் முடிந்த மறுநாள் வரும் டி-சர்ட்டை யாரும் வாங்கமாட்டார்கள். நானாக இருந்தால் சிறப்பு ஆர்டரை உள்ளேயும், தேதியில் சற்று இளக்கம் தரும் பழைய வியாபாரியின் பீஸை வெளியேயும் தைக்கக் கொடுப்பேன்.

இடம் காலியா என்பதைப் பீஸ் எண்ணிக்கையில் பார்ப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. வந்தது ரவுண்டு நெக் இல்லாமல் காலர் வைத்த போலோ டி-சர்ட் என்றால், காலரும் பட்டன் பட்டியும் சிங்கிள் நீடில் மிஷினில் அதிக நேரம் எடுக்கும். ஓவர்லாக் மிஷின்கள் சும்மா இருக்க, சிங்கிள் நீடில் முன்னால் பண்டல் குவிந்து கிடக்கும். எந்த மிஷினில் நெரிசலோ, அந்த மிஷினின் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு பங்களிப்பு என்று பார்த்துத்தான் இரண்டு ஆர்டர்களை ஒப்பிட வேண்டும். லைனுக்குள் ஒரு நடை போனால் அந்த மிஷின் எது என்று தானாகத் தெரியும்.

பழைய வாடிக்கையாளர் காதில் விழுந்தால்

ஊரில் விலை ஒளிந்திருக்காது. பிரிண்டிங் யூனிட்டில், டையிங் யூனிட்டில், டீக்கடையில் பேச்சு வரும். 195-க்கு வாங்கும் மொத்த வியாபாரி, "பெங்களூருக்கு மட்டும் 160-ஆ? நாங்க வருஷக்கணக்கா வாங்கறோமே" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

இதையும் எண்ணாக்கிப் பார்த்துவிடலாம். சிறப்பு ஆர்டர் தரும் 56,350-ஐ 14,000-ஆல் வகுத்தால் 4 ரூபாய் சொச்சம். வழக்கமான விலையில் ஒரே ஒரு மாதம் பீஸுக்கு 4 ரூபாய் குறைத்தால் ஆர்டரின் மொத்தப் பலனும் போய்விடும். அந்தக் குறைப்பு ஒரு மாதத்தோடு நிற்கவும் நிற்காது. இறங்கிய விலையை ஏற்றுவது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே குறைந்த விலைக்கு எடுக்கும் சரக்கு உங்கள் வழக்கமான சந்தைக்குள் திரும்பி வராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். மாரத்தான் பெயர் அச்சடித்த டி-சர்ட் கடைக்கு வராது என்பதால் இந்த ஆர்டர் இந்த விஷயத்தில் பாதுகாப்பானது. பிரிண்ட் இல்லாத வெறும் டி-சர்ட்டை ஈரோட்டு மொத்த வியாபாரி ஒருவர் 160-க்குக் கேட்டிருந்தால், பங்களிப்பு எவ்வளவு வந்தாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். அது சிறப்பு ஆர்டர் அல்ல, விலைக்குறைப்பு.

ஒருமுறை வேறு, வழக்கம் வேறு

நிலைச் செலவை இந்த ஆர்டருக்குக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றேன். அதை யாரும் கட்ட வேண்டாம் என்று பொருளல்ல. 4,48,000-ஐ 53-ஆல் வகுத்தால் 8,453 வருகிறது. மாதம் அத்தனை வழக்கமான பீஸ் ஓடினால்தான் வாடகையும் சம்பளமும் தேறும். இந்தக் கம்பெனி 14,000 பீஸ் ஓட்டுவதால் நிலைச் செலவு ஏற்கெனவே தேறிவிட்டது, சிறப்பு ஆர்டரின் 56,350 நேராக லாபத்தில் சேருகிறது.

இதன் ருசியில் இதே போன்ற ஆர்டர்களையே தேடிப் பிடித்தால் என்ன ஆகும்? நான்கு ஆர்டர் ஆலையின் முழுத்திறனையும் எடுத்துக்கொள்ளும். கிடைப்பது 2,25,400. நிலைச் செலவு 4,48,000. எல்லா மிஷினும் ஓடும், ஆள் பற்றாக்குறை என்று பேச்சு வரும், கம்பெனி மாதம் 2,22,600 ரூபாய் இழக்கும். நெரிசலாக ஓடிக்கொண்டிருந்த யூனிட் திடீரென்று மூடப்பட்டால் ஊர் ஆச்சரியப்படும். கணக்கைத் திறந்தால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மாதக் கடைசியில் ஒவ்வோர் ஆர்டரின் பங்களிப்பையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை நிலைச் செலவைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். பீஸ் எண்ணிக்கை ஏறி, கூட்டுத்தொகை ஏறாமல் இருந்தால் மலிவு ஆர்டர்கள் இடத்தைப் பிடிக்கத் தொடங்கிவிட்டன. அதே வாங்குபவர் மூன்றாவது முறை 160-க்கு வந்தால் அவர் இனி சிறப்பு வாடிக்கையாளர் அல்லர். நிலைச் செலவின் பங்கையும் சேர்த்து அவரிடம் புதிதாக விலை பேசுங்கள்.

பணம் வருமா?

ஆர்டரின் லாபம் 56,350. பணம் வராவிட்டால் கையைவிட்டுப் போவது 7,43,650. ஒரு வாங்குபவர் ஏமாற்றினால் இதே போன்ற 14 ஆர்டர் முடித்தால்தான் விட்டது திரும்பும். குறைந்த விலை ஆர்டரில் கடன் கொடுக்க ஏன் தயங்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் வேண்டாம். நூல் வாங்கும்போதே 50 சதவீத முன்பணம், மீதியைச் சரக்கு ஏற்றும்போது என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால் 160-ஐ 158 ஆக்கினாலும் தவறில்லை. வட்டிச் செலவும் குறையும், தூக்கமும் வரும்.

கடன் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் உத்யம் பதிவெண்ணை பில்லில் அச்சிட்டு, பணம் தர வேண்டிய நாளை பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதி வாங்குங்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தள்ளிப்போட முடியாது. தள்ளினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும். நம் கணக்கில் வைத்த இரண்டு மாதக் கெடுவே சட்டத்தின் எல்லையைத் தாண்டியது என்று வாங்குபவரிடம் சொல்லலாம். முன்பணம் கேட்க அது நல்ல தொடக்கம்.

கட்டிங் மேசையில் ஒரு தராசு

ஆர்டரை எடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விலை சொன்னபோது பீஸுக்கு 210 கிராம் என்று எழுதினீர்கள். அது பழைய ஆர்டர்களின் சராசரி. இந்த ஆர்டரில் சைஸ் விகிதம் வேறு. ஓட வருகிறவர்களில் ஆண்கள் அதிகம் என்று எக்ஸ்.எல்., டபுள் எக்ஸ்.எல். கூடுதலாகக் கேட்டிருப்பார்கள். துணியின் அகலம் அரை அங்குலம் குறைந்து வந்தாலும் மார்க்கர் மாறும், ஓரத்தில் விழும் வேஸ்ட் கூடும். ஜி.எஸ்.எம். 180-க்குப் பதில் 186 வந்திருந்தால் டையிங் யூனிட் சரியாகத்தான் கொடுத்ததாகச் சொல்லும், உங்களுக்கோ அதே எடைத் துணியில் குறைவான பீஸே வெட்ட வரும்.

பீஸுக்கு 210 கிராம் 218 ஆனால் என்ன ஆகும்? 8 கிராம், அதாவது 3 ரூபாய் 36 பைசா. 5,150 பீஸுக்கு 17,304 ரூபாய். மிஞ்சிய 56,350-இல் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கட்டிங் மேசைக்கு அடியில் விழுந்துவிட்டது. 195 ரூபாய் ஆர்டரில் 3 ரூபாய் உறுத்தாது, பங்களிப்பு 53 இருக்கிறது. இங்கே எல்லாச் செலவும் போக பீஸுக்குக் கிடைப்பது 11 ரூபாய் சொச்சம்தான்.

ஆகவே இந்த ஆர்டரின் முதல் லேயை வெட்டியதும், உள்ளே போன துணியையும் வெளியே வந்த பீஸையும் வேஸ்ட்டையும் தனித்தனியாக எடை போட்டு எழுதுங்கள். 500 பீஸ் வெட்டியதுமே எண் தெரிந்துவிடும். கூடினால் கட்டிங் மாஸ்டரை அழைத்து மார்க்கரைத் திருத்தச் சொல்ல அப்போது இன்னும் 4,650 பீஸ் பாக்கி இருக்கும். எழுதிய தாளைக் கொட்டேஷனோடு சேர்த்துப் பைலில் வையுங்கள். அடுத்த முறை யாராவது குறைந்த விலைக்குக் கேட்டுப் போன் செய்தால், விலை சொல்வதற்கு முன் அந்தப் பைலை எடுத்துப் பாருங்கள்.